ஏற்றம் ஓடிய இரவும் வாடிக்கையாளர் மாறிய நாளும்

தரவுக் கிடங்குகளுக்கு இரவு லோடு எழுதுகிறவர்களுக்கும், அதைப் பராமரிக்கிறவர்களுக்கும், அதிலிருந்து அறிக்கை எடுக்கிறவர்களுக்கும் ஒரு திறந்த மடல்.



உங்கள் கிடங்கில் உள்ள வாடிக்கையாளர் டைமென்ஷன் டேபிளில் ஒரு சின்னச் சோதனை செய்து பார்க்கும்படி கேட்டு இந்த மடலைத் தொடங்குகிறேன். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் பழைய பதிப்பு, புதிய பதிப்பு என்று வரிசையாக வரிகள் வைத்திருப்பீர்கள். ஒவ்வொரு வரியும் எப்போதிலிருந்து செல்லும் என்பதைச் சொல்ல `valid_from` என்றோ வேறு பெயரிலோ ஒரு நெடுவரிசை இருக்கும். அதில் நாளை விட்டுவிட்டு மணியை மட்டும் எடுத்து, எந்த மணிக்கு எத்தனை மாற்றங்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

```sql
SELECT EXTRACT(HOUR FROM valid_from) AS hr, COUNT(*)
FROM   dim_customer
GROUP  BY 1
ORDER  BY 1;
```

மனிதர்கள் வீடு மாறுவதும், திட்டம் மாற்றுவதும், பெயரைத் திருத்துவதும் பெரும்பாலும் பகலில்தான் நடக்கும். அலுவலக நேரத்தில் எண்ணிக்கை ஏறி, இரவில் இறங்கியிருந்தால் உங்கள் டேபிள் வாடிக்கையாளரின் வரலாற்றைச் சொல்கிறது. ஏறக்குறைய எல்லா மாற்றங்களும் அதிகாலை 2 மணியில் குவிந்திருந்தால், அங்கே பதிவாகியிருப்பது லோடு ஓடிய நேரம். மணி இல்லாமல் தேதி மட்டும் வைத்திருப்பவர்கள் நாள்வாரியாக எண்ணிப் பார்க்கலாம். லோடு நின்றுபோன நாட்களில் ஒரு மாற்றமும் இல்லாமல், அது மறுபடி ஓடிய நாளில் மட்டும் பல நாள் மாற்றங்கள் மலைபோல் நின்றால், அதற்கும் பொருள் அதுவே. நான் சொல்ல வருவது ஒன்றுதான்: இரவு லோடு தான் ஓடிய நேரத்தை வாடிக்கையாளரின் மாற்ற நேரமாக எழுதக் கூடாது. அந்த ஓர் இடத்தில் நாம் காட்டும் சோம்பல், கிடங்கு கொடுத்த வாக்கையே உடைத்துவிடுகிறது.

அந்த வாக்கு என்ன என்பதை முதலில் நினைவுபடுத்திக்கொள்வோம். மெல்ல மாறும் டைமென்ஷன் என்ற பேச்சைப் பரவலாக்கியவர் ரால்ஃப் கிம்பால். 1996-இல் வந்த அவருடைய கிடங்கு வடிவமைப்பு நூல் மூன்று வழிகளைச் சொன்னது. பழைய மதிப்பின் மேலேயே புதியதை எழுதிவிடுவது டைப் 1. பழைய வரியை மூடிவிட்டுப் புதிய வரி ஒன்றைத் திறப்பது டைப் 2. முந்தைய மதிப்புக்கென்று தனி நெடுவரிசை வைப்பது டைப் 3. 2013-இல் வந்த மூன்றாம் பதிப்பில் இந்த வகைகள் 0 முதல் 7 வரை விரிந்தன. ஆனாலும் வாடிக்கையாளர் வரலாறு வேண்டும் என்றால் நடைமுறையில் எல்லோரும் போய்ச் சேர்வது டைப் 2-இடம்தான். அது கொடுக்கும் வாக்கு இது: ஒரு விற்பனை நடந்த கணத்தில் வாங்கியவர் எந்த மாவட்டத்தில் இருந்தார், எந்தப் பிரிவில் இருந்தார் என்று எத்தனை ஆண்டு கழித்துக் கேட்டாலும் சரியாகச் சொல்வேன். இந்த வாக்குக்காகத்தான் வரிகள் பெருகுவதையும், ஒவ்வொரு பதிப்புக்கும் தனிச் சாவி கொடுப்பதையும், அறிக்கை எழுதுகிறவர்களின் முணுமுணுப்பையும் பொறுத்துக்கொள்கிறோம். எல்லைக் கோடு தவறான இடத்தில் விழுந்தால், இத்தனை செலவு செய்தும் அந்தக் கேள்விக்குத் தவறான விடையே கிடைக்கும்.

ஓர் எடுத்துக்காட்டை வரி வரியாகப் பார்ப்போம். மாவட்ட மேலாளர்களுக்கு விற்பனை அளவைப் பொறுத்து ஊக்கத்தொகை கொடுக்கும் ஒரு வீட்டு உபயோகப் பொருள் நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். வாங்கியவர் அப்போது எந்த மாவட்டத்து முகவரியில் இருந்தாரோ, அந்த மாவட்டத்துக்கு விற்பனை சேரும் என்பது விதி. C1047 என்ற எண்ணுள்ள வாடிக்கையாளர் திருநெல்வேலியில் இருக்கிறார். 2024 மார்ச் 28, வியாழக்கிழமை காலை 11 மணிக்கு 8,500 ரூபாய்க்கு ஒரு மிக்ஸி வாங்குகிறார். அன்று மாலை 6.40-க்குச் சேவை மையத்தை அழைத்து, கோயம்புத்தூருக்குக் குடிமாறிவிட்டதாகச் சொல்லிப் புதிய முகவரியைப் பதிகிறார். சனிக்கிழமை, மார்ச் 30 அன்று, புதிய வீட்டுக்கு 42,000 ரூபாயில் ஒரு குளிர்சாதனப் பெட்டி வாங்குகிறார். தினமும் அதிகாலை 2 மணிக்கு ஓட வேண்டிய லோடு வெள்ளிக்கிழமை தோற்றுவிடுகிறது. அன்று புனித வெள்ளி விடுமுறை, அடுத்து சனி, ஞாயிறு. யாரும் கவனிக்கவில்லை. திங்கள், ஏப்ரல் 1 அதிகாலை 2 மணிக்குத்தான் லோடு மறுபடி ஓடி, தேங்கிய எல்லாவற்றையும் சேர்த்து எடுக்கிறது. இடையே நிதியாண்டும் முடிந்துவிட்டது.

இப்போது மூன்று விதமான குறியீடு எழுதியவர்களுக்கு மூன்று விடைகள் வரும். முதலாமவர் `valid_from` இடத்தில் லோடு ஓடிய நேரத்தைப் போட்டிருக்கிறார். அவருடைய டேபிளில் கோயம்புத்தூர் வரி ஏப்ரல் 1 அதிகாலை 2 மணிக்குத் தொடங்குகிறது. உண்மையான மாற்றத்துக்கும் இதற்கும் இடைவெளி மூன்று நாள், ஏழு மணி, இருபது நிமிடம். இரண்டு விற்பனைகளும் அதற்கு முன்பே நடந்தவை. ஆகவே 50,500 ரூபாயும் திருநெல்வேலிக் கணக்கில் சேர்கிறது. இரண்டாமவர் விற்பனையை ஃபேக்ட் டேபிளில் ஏற்றும்போது விற்பனை நேரத்தைப் பார்ப்பதே இல்லை. `is_current` என்று குறியிட்ட வரியை எடுத்து அதன் சாவியை ஒட்டிவிடுகிறார். லோடு ஓடிய கணத்தில் நடப்பு வரி கோயம்புத்தூர். அவர் கணக்கில் 50,500 ரூபாயும் கோயம்புத்தூருக்குப் போகிறது, வியாழன் காலை வாங்கிய மிக்ஸி உட்பட. மூன்றாமவர் மாற்ற நேரத்தை மூலத்திலிருந்து எடுத்து, விற்பனை நேரம் எந்த வரியின் எல்லைக்குள் விழுகிறது என்று பார்த்துச் சேர்க்கிறார். 8,500 திருநெல்வேலிக்கு, 42,000 கோயம்புத்தூருக்கு. இதுவே சரியான விடை. முதல் இருவருடைய லோடும் பிழைச் செய்தி ஏதும் இல்லாமல் வெற்றிகரமாக முடிந்ததாகத்தான் காட்டும். மொத்த விற்பனையும் ஒரு ரூபாய் பிசகாமல் பொருந்தும். பிரித்த இடம் மட்டும் தவறு. மொத்தத்தை மட்டும் சரிபார்க்கும் எந்தச் சோதனையிலும் இது அகப்படாது.

இது அபூர்வமான விபத்து, லோடு தோற்காத நாட்களில் எல்லாம் சரியாகத்தானே இருக்கும் என்று சிலர் நினைக்கலாம். அப்படி இல்லை. லோடு நேரத்தை எல்லையாக வைத்தால் ஒவ்வொரு மாற்றமும் தாமதமாகத்தான் பதிவாகும், முன்கூட்டி ஒன்றுகூடப் பதிவாகாது. பிழைகள் இரு பக்கமும் சிதறினால் பெருங்கணக்கில் ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்ளும் என்று நம்பலாம். இங்கே எல்லாப் பிழைகளும் ஒரே பக்கம் சாய்கின்றன: விட்டுப்போன ஊருக்கு விற்பனை கூடும், வந்து சேர்ந்த ஊருக்குக் குறையும். அதோடு, குடிமாறியவர்கள் குடிமாறிய சில நாட்களுக்குள்தான் நிறைய வாங்குகிறார்கள். திட்டம் மாற்றியவர்கள் மாற்றிய அன்றைக்கே புதிய திட்டத்தைப் பயன்படுத்திப் பார்க்கிறார்கள். மாற்றத்தை ஒட்டிய அந்தச் சில மணி நேரத்துக்குத்தான் பகுப்பாய்வில் அதிக மதிப்பு. தாமதம் தின்றுவிடுவதும் அதே சில மணி நேரத்தைத்தான்.

இன்னொரு சேதமும் உண்டு, அதை நான் இன்னும் பெரிதாக எண்ணுகிறேன். லோடு நேரம் எல்லையானால் வரலாற்றைத் திரும்பக் கட்ட முடியாது. ஒரு நாள் டைமென்ஷன் டேபிள் கெட்டுப்போகிறது, அல்லது புதிய இயங்குதளத்துக்கு மாற வேண்டியிருக்கிறது என்று வையுங்கள். சேமித்து வைத்த பழைய கோப்புகளை வரிசையாக மறுபடி ஓட்டுகிறீர்கள். குறியீட்டில் `now()` இருந்தால், ஐந்து ஆண்டு மாற்றங்களும் இன்றைக்கு நடந்ததாகப் பதிவாகும். ஒரே உள்ளீட்டை இரண்டு முறை ஓட்டினால் இரண்டு வரலாறு வருகிறது என்றால், இரண்டில் எதையும் வரலாறு என்று சொல்ல முடியாது. இதைக் கண்டுபிடிக்கவும் எளிய வழி உண்டு: போன வாரக் கோப்பு ஒன்றை ஒரு தனி டேபிளில் இன்று ஓட்டி, வரும் வரிகளை உண்மையான டேபிளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எல்லைகள் நகர்ந்திருந்தால் குற்றவாளி யார் என்பது தெரிந்துவிடும்.

சரி, மாற்று என்ன? மாற்ற நேரத்தை எங்கிருந்து எடுப்பது என்பதற்கு ஒரு முன்னுரிமை வரிசை வகுத்து, அதைக் குறியீட்டில் எழுதிவிடுங்கள். மூலத்தில் வாடிக்கையாளர் தாமே சொன்ன நடைமுறைத் தேதி இருந்தால் அதுவே முதல். இல்லையென்றால் மூலத் தரவுத்தளத்தின் மாற்றப் பதிவேட்டில் உள்ள நேரம். அதுவும் இல்லையென்றால் அந்த வரியின் `updated_at`. எதுவுமே இல்லாத மூலம் என்றால், அந்தக் கோப்பு எந்த நாளின் தரவைச் சுமக்கிறதோ அந்த நாள். அதை லோடுக்கு வெளியிலிருந்து அளவுருவாகக் கொடுங்கள், கணினிக் கடிகாரத்தைக் கேட்காதீர்கள். மார்ச் 28-இன் கோப்பு ஏப்ரல் 1-இல் ஓடினாலும் அது மார்ச் 28-இன் கோப்புதான். இந்த நான்கில் எது பயன்பட்டது என்பதையும் ஒவ்வொரு வரியிலும் ஒரு சிறு நெடுவரிசையில் எழுதிவையுங்கள். பின்னால் ஒருவர் அந்த எல்லையை எவ்வளவு நம்பலாம் என்று எடைபோட அது உதவும். நேரம் எந்த மண்டலத்தில் பதிவாகிறது என்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள். ஏப்ரல் 1 நள்ளிரவு 12.30-க்கு இங்கே நடந்த மாற்றம், உலகப் பொது நேரத்தில் மார்ச் 31 இரவு 7 மணி. மண்டலம் தெரியாமல் படித்தால் அது போன நிதியாண்டுக்குள் போய் விழும்.

மூடுவதும் திறப்பதும் எப்படி என்பதைச் சுருக்கமான குறியீடாகவே தருகிறேன். போஸ்ட்கிரெஸ் நடையில் எழுதியிருக்கிறேன். எண்ணம் எங்கும் ஒன்றே.

```sql
BEGIN;

UPDATE dim_customer d
SET    valid_to = s.changed_at
FROM   stg_customer s
WHERE  d.customer_id = s.customer_id
  AND  d.valid_to = '9999-12-31'
  AND  s.changed_at > d.valid_from
  AND  d.district IS DISTINCT FROM s.district;

INSERT INTO dim_customer
       (customer_id, district, valid_from, valid_to, loaded_at)
SELECT s.customer_id, s.district, s.changed_at,
       '9999-12-31', now()
FROM   stg_customer s
WHERE  NOT EXISTS (
         SELECT 1 FROM dim_customer d
         WHERE  d.customer_id = s.customer_id
           AND  d.valid_to = '9999-12-31');

COMMIT;
```

இதில் கவனிக்க வேண்டியவை சில. பழைய வரி முடியும் கணமும் புதிய வரி தொடங்கும் கணமும் ஒன்றேதான். தொடக்கம் உள்ளே சேரும், முடிவு வெளியே நிற்கும். முந்தைய நாள் இரவு 11.59.59-இல் மூடும் பழக்கத்தை விட்டுவிட்டால், அந்தக் கடைசி நொடிக்குள் நடந்த விற்பனை எந்த வரியிலும் சேராமல் தொங்கும் தொல்லையும் போய்விடும். இரண்டு கட்டளைகளும் ஒரே பரிவர்த்தனைக்குள் இருக்கின்றன. மூடிய பிறகு, திறப்பதற்கு முன் மின்சாரம் போனால் நடப்பு வரியே இல்லாத வாடிக்கையாளர் உருவாகிவிடுவார், பரிவர்த்தனை அதைத் தடுக்கிறது. இதையே அதே உள்ளீட்டோடு மறுபடி ஓட்டினால், மாவட்டம் ஒன்றாகிவிட்டதால் எதுவும் மூடப்படாது, நடப்பு வரி இருப்பதால் எதுவும் திறக்கப்படாது. ஆகவே இரண்டு முறை ஓடினாலும் பாதகமில்லை. `now()` இங்கேயும் இருக்கிறது, ஆனால் அதற்குரிய இடத்தில் இருக்கிறது: நாம் எப்போது அறிந்தோம் என்பதைச் சொல்லும் `loaded_at`-இல். முதன்முறையாகக் கிடங்கை நிரப்பும்போது மட்டும் ஒரு விலக்கு வேண்டும். ஒவ்வொருவருடைய முதல் வரியும் அவர் வாடிக்கையாளராகச் சேர்ந்த நாளிலிருந்து தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் அதற்கு முந்தைய விற்பனைகளுக்குப் பொருந்தும் வரியே இருக்காது.

எல்லைகள் சரியாகப் பொருந்துகின்றனவா என்று ஒவ்வோர் இரவும் லோடு முடிந்ததும் கேட்கலாம். கீழ்க்கண்ட வினவல் ஒரு வரி கொடுத்தாலும் எங்கோ இடைவெளியோ மேற்படிதலோ இருக்கிறது என்று பொருள். அந்த இரவில் அறிக்கைகளுக்குப் போகாமல் லோடு அங்கேயே நிற்கட்டும்.

```sql
SELECT customer_id, valid_to, next_from
FROM  (SELECT customer_id, valid_to,
              LEAD(valid_from) OVER (
                PARTITION BY customer_id
                ORDER BY valid_from) AS next_from
       FROM dim_customer) t
WHERE  next_from <> valid_to;
```

இனி எதிர்வாதங்களுக்கு வருகிறேன். முதலாவது, களத்தில் இருக்கிறவர்கள் நியாயமாகவே எழுப்புவது: மூலத்தின் `updated_at` நம்பத்தக்கதல்ல. ஒருவர் தொலைபேசி எண்ணை மாற்றினாலும் அது நகரும், மூல அமைப்பில் யாரோ மொத்தமாக ஒரு திருத்தம் ஓட்டினாலும் நகரும். நம் C1047 வியாழன் மாலை முகவரியையும் சனி காலை 11 மணிக்குத் தொலைபேசி எண்ணையும் மாற்றியிருந்தால், திங்கள் அதிகாலை நமக்குத் தெரிவது சனி காலை 11 மணி மட்டும்தான். உண்மைதான். ஆனால் அந்தத் தவறான நேரம்கூட நமக்கு ஒன்றை உறுதியாகச் சொல்கிறது: முகவரி மாற்றம் அதற்குப் பின் நடந்திருக்க முடியாது. அதற்கு முன் வெற்றிகரமாக ஓடிய லோடு வியாழன் அதிகாலை 2 மணி, அப்போது பழைய முகவரிதான் இருந்தது. ஆக உண்மையான கணம் வியாழன் அதிகாலை 2-க்கும் சனி காலை 11-க்கும் நடுவே எங்கோ இருக்கிறது. லோடு நேரத்தை எடுத்திருந்தால் அந்த இடைவெளி திங்கள் வரை நீண்டிருக்கும். குறையுள்ள `updated_at`-உம் லோடு நேரத்தைவிட உண்மைக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது, ஒருபோதும் அதைவிடத் தள்ளி நிற்பதில்லை, மூலத்தின் கடிகாரம் சரியாக இருக்கும் வரை. குறையை ஒப்புக்கொண்டு, எங்கிருந்து எடுத்த நேரம் என்பதைக் குறித்துவைத்தால் போதும். கருவிகளைப் பயன்படுத்துகிறவர்களும் இதையே நினைவில் கொள்ளலாம். `dbt snapshot` இரண்டு உத்திகளைத் தருகிறது. `timestamp` உத்தி மூலத்தின் நேர நெடுவரிசையை எல்லையாக எடுத்துக்கொள்கிறது. நெடுவரிசைகளை ஒப்பிட்டுப் பார்க்கும் `check` உத்திக்கு மாற்ற நேரம் தெரியாது, இயல்பாக அது ஓடிய நேரத்தையே எழுதும். அந்த வேறுபாடு தெரியாமலே `check`-ஐத் தேர்ந்தெடுப்பது எளிது. தெரிந்து தேர்ந்தெடுங்கள்.

இரண்டாவது எதிர்வாதம் கணக்குத் துறையிலிருந்து வரும், அதற்கும் கனம் உண்டு. மாற்றத் தேதியை நம்பினால், பழைய காலம் பின்னோக்கித் திருத்தப்படும். C1047 ஏப்ரல் 15-ஆம் தேதிதான் அழைத்து, மார்ச் 28-லேயே குடிமாறிவிட்டேன் என்று சொல்கிறார் என்று வையுங்கள். அதற்குள் மார்ச் மாத ஊக்கத்தொகை கொடுத்தாகிவிட்டது. கையெழுத்தான அறிக்கையின் எண் ஏப்ரல் நடுவில் மாறினால் யார் பொறுப்பேற்பது? இந்தக் கவலை நியாயமானது. ஆனால் இதற்கு விடை உண்மையான தேதியை மறைப்பதில் இல்லை. இங்கே இரண்டு வேறு கேள்விகள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. உலகில் அது எப்போது நடந்தது என்பது ஒன்று, நமக்கு அது எப்போது தெரிந்தது என்பது மற்றொன்று. தரவுத்தள ஆய்வில் ரிச்சர்ட் ஸ்நாட்கிராஸும் இல்சூ ஆனும் 1985-லேயே இந்த இரண்டு காலங்களையும் பிரித்துப் பெயரிட்டார்கள். 2011-ஆம் ஆண்டின் எஸ்க்யூஎல் தரத்திலும் இரண்டுக்கும் தனித்தனி ஏற்பாடு வந்துவிட்டது. லோடு நேரத்தை மாற்ற நேரமாக எழுதுகிறவர் இந்த இரண்டையும் ஒரே நெடுவரிசையில் திணித்து, முதல் கேள்விக்கான விடையை நிரந்தரமாக இழக்கிறார்.

இரண்டையும் வைத்துக்கொள்வதற்குப் பெரிய செலவும் இல்லை. ஃபேக்ட் டேபிளின் ஒவ்வொரு விற்பனை வரியிலும் இரண்டு சாவிகள் இருக்கட்டும்: ஏற்றிய அன்று பொருந்திய வாடிக்கையாளர் பதிப்பின் சாவி, எந்தப் பதிப்பிலும் மாறாத `customer_id`. மார்ச் அறிக்கையை அன்று கையெழுத்திட்டபடியே பார்க்க வேண்டுமானால் பதிப்புச் சாவியால் இணையுங்கள். குளிர்சாதனப் பெட்டிக்கு அது திருநெல்வேலி வரியைக் காட்டும், அந்த வரி பின்னால் எந்தத் தேதியில் மூடப்பட்டாலும் அதில் எழுதியிருக்கும் மாவட்டம் மாறாது. இன்று தெரிந்த உண்மைப்படி பார்க்க வேண்டுமானால் `customer_id`-யால் இணைத்து, விற்பனை நேரம் எந்த எல்லைக்குள் விழுகிறது என்று தேடுங்கள். அது கோயம்புத்தூரைக் காட்டும். இரண்டு அறிக்கைகளுக்கும் உள்ள வித்தியாசமே தாமதமாக வந்த செய்தியின் அளவு. ஊக்கத்தொகையைச் சரிக்கட்டுவதா வேண்டாமா என்பதைக் கணக்குத் துறை அந்த எண்ணைப் பார்த்து முடிவு செய்யட்டும். மேலே எழுதிய குறியீட்டில் `s.changed_at > d.valid_from` என்ற நிபந்தனைக்கு அடங்காமல் நிற்பவை, நடப்பு வரி தொடங்குவதற்கும் முன்னால் தேதியிட்டு வந்த மாற்றங்கள். அவற்றை மௌனமாக விட்டுவிடாமல் ஒரு தனி டேபிளில் ஒதுக்கி, எந்தப் பழைய வரியைப் பிளக்க வேண்டும் என்று பார்த்துச் செய்ய வேண்டும். எண்ணிக்கையில் அவை குறைவாகத்தான் இருக்கும். ஆனால் அந்தத் தனி டேபிள் இல்லாவிட்டால், எவ்வளவு குறைவு என்பதே தெரியாது.

மூன்றாவது எதிர்வாதம் எளிமையின் பெயரால் வருகிறது. மூடுவதும் திறப்பதும் எதற்கு, ஒவ்வோர் இரவும் வாடிக்கையாளர் டேபிளை முழுதாக நகலெடுத்து நாள் பெயரில் வைத்துவிடலாமே. ஏர்ஃப்ளோ கருவியை உருவாக்கிய மாக்சிம் போஷ்மன் 2018-இல் எழுதிய ஒரு கட்டுரை இந்தப் பக்கம் வலுவாக வாதாடியது. அதில் பெரிய நன்மை இருக்கிறது: எந்த நாளின் நகலையும் தனியாக மறுபடி உருவாக்கலாம். 20 லட்சம் வாடிக்கையாளர்கள் என்றால் ஆண்டுக்கு 73 கோடி வரிகள் சேரும். நாளொன்றுக்கு ஆயிரத்தில் ஒருவர் மாறுகிறார் என்று வைத்தால் டைப் 2-இல் அதே ஆண்டுக்கு 7 லட்சத்து 30 ஆயிரம் வரிகள்தான். ஆனாலும் இன்றைய நெடுவரிசைச் சேமிப்பில் திரும்பத் திரும்ப வரும் மதிப்புகள் நன்றாகச் சுருங்குவதால், கொள்ளளவை மட்டும் காட்டி இந்த வழியை மறுக்க நான் விரும்பவில்லை. என் கேள்வி வேறு. அந்த நகலுக்கு என்ன நாள் பெயர் வைப்பீர்கள்? எடுத்த நாளையா, தரவின் நாளையா? வெள்ளி, சனி, ஞாயிறு நகல்கள் எடுக்கப்படாமல் போய்த் திங்களன்று ஒன்று எடுத்தால், நடுவில் உள்ள நாட்களை எதைக் கொண்டு நிரப்புவீர்கள்? அந்த நாட்களில் ஒருவர் இரண்டு முறை மாறியிருந்தால் முதல் மாற்றம் எங்கே தெரியும்? முழு நகல் வழி ஒரு நாளைவிட நுட்பமாக எதையும் சொல்லாது, விடுபட்ட நாளை மீட்டுத் தராது. மூல வரியின் `updated_at`-ஐயும் நகலோடு சேர்த்து வைத்தால் அது நல்ல அடித்தளம். அப்போது டைப் 2 டேபிளை அந்த நகல்களிலிருந்தே எப்போது வேண்டுமானாலும் புதிதாகக் கட்டலாம். வைக்காவிட்டால் அதுவும் லோடு நேரத்தின் வரலாறுதான், இன்னும் அதிக வரிகளில்.

மாற்றத் தேதியை ஒழுங்காகக் கேட்கத் தொடங்கினால், எது மாற்றம் என்ற கேள்வியும் கூடவே எழும். தமிழ்நாட்டுத் தரவில் வேலை செய்கிறவர்களுக்கு நன்றாகப் பழகிய ஒன்றைச் சொல்கிறேன். 2019 நவம்பர் 22 அன்று தென்காசி தனி மாவட்டமாகத் தொடங்கிவைக்கப்பட்டது. அதற்கு முந்தைய நாள் வரை தென்காசி ஊர் முகவரிகள் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தன. ஒரு நிறுவனத்தின் மூல அமைப்பில் மாவட்டப் பட்டியலை டிசம்பர் 9-ஆம் தேதிதான் திருத்தினார்கள் என்று வைத்துக்கொள்வோம். அன்று இரவு லோடு, வரிகளை ஒப்பிட்டு, தென்காசி வாடிக்கையாளர்கள் அத்தனை பேரும் மாறிவிட்டதாகக் கண்டுபிடித்துப் புதிய பதிப்புகளைத் திறக்கும். லோடு நேரத்தைப் போடுகிற குறியீட்டில் அந்த மாவட்டம் டிசம்பர் 10 அதிகாலைதான் பிறந்ததாக ஆகும். `updated_at`-ஐப் போட்டாலும் டிசம்பர் 9. இரண்டும் தவறு. அரசு தொடங்கிய நாள் நவம்பர் 22, அந்தத் தேதி எந்த வாடிக்கையாளர் வரியிலும் இருக்காது. இதைவிடப் பெரிய பிழை, குடிமாறியவர்கள் எத்தனை பேர் என்று கேட்கும் அறிக்கையில் நிகழும். வீட்டைவிட்டு அடியெடுத்து வைக்காத ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே இரவில் குடிமாறியதாக அது சொல்லும். இங்கே மாறியது வாடிக்கையாளர் அல்ல, ஊரின் நிர்வாக எல்லை. ஆகவே வாடிக்கையாளர் வரியில் ஊரையோ வட்டத்தையோ மட்டும் வைத்து, எந்த வட்டம் எப்போதிலிருந்து எந்த மாவட்டம் என்பதைத் தனி டேபிளில், அதற்குரிய `valid_from`-உடன் வைப்பதே முறை. அங்கே சில வரிகளை நவம்பர் 22 என்று கையால் எழுதினால் வேலை முடிந்தது. ஒரே இரவில் வழக்கத்தைவிடப் பல மடங்கு பதிப்புகள் திறந்தால் லோடு நின்று ஒரு மனிதரைக் கேட்க வேண்டும் என்று ஒரு வரம்பு வைத்திருந்தால், இப்படிப்பட்ட இரவை அது அன்றே காட்டிக்கொடுத்திருக்கும்.

இந்த வழிக்கு எட்டாத ஓர் இடமும் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. மூல அமைப்பே பழைய மதிப்பின் மேல் எழுதி அழித்துவிட்டால், நாம் பார்க்காத மாற்றத்தை நம்மால் மீட்க முடியாது. C1047 வியாழன் கோயம்புத்தூருக்கும், அது சரிப்படாமல் ஞாயிறு ஈரோட்டுக்கும் முகவரி மாற்றியிருந்தால், திங்கள் அதிகாலை லோடு ஈரோட்டை மட்டும்தான் பார்க்கும். திருநெல்வேலி வரி ஞாயிறு வரை நீள்வதால், சனிக்கிழமை வாங்கிய குளிர்சாதனப் பெட்டி திருநெல்வேலிக் கணக்கில்தான் நிற்கும். எவ்வளவு கவனமாக `updated_at`-ஐ எடுத்தாலும் இதைத் திருத்த முடியாது. இதற்கு ஒரே மருந்து, மூலத் தரவுத்தளத்தின் மாற்றப் பதிவேட்டை வாசிப்பது, அல்லது மூல அமைப்பின் உரிமையாளர்களிடம் முகவரி மாற்றங்களை அழிக்காமல் ஒரு தணிக்கை டேபிளில் சேர்த்துவைக்கக் கேட்பது. அது நம் குழுவின் கையில் மட்டும் இல்லை. ஆனால் எல்லா நெடுவரிசைக்கும் அப்படிக் கேட்க வேண்டியதில்லை. எந்த இரண்டு, மூன்று மதிப்புகளைக் கொண்டு பணம் பிரிக்கப்படுகிறதோ, அவற்றுக்கு மட்டும் கேளுங்கள். மாவட்டம், திட்டம், விலைப் பிரிவு என்று உங்கள் பட்டியல் சிறியதாகத்தான் இருக்கும். மின்னஞ்சல் முகவரிக்கும் பெயரில் விழுந்த எழுத்துப் பிழைக்கும் டைப் 1 போதும். பிழை திருத்தத்துக்கெல்லாம் புதிய பதிப்பு திறப்பது வரலாற்றைக் கூளத்தால் நிரப்பும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஏற்கெனவே லோடு நேரத்தால் நிரம்பிய டேபிள்களை வைத்திருப்பவர்கள் அவற்றை அப்படியே தொடர வேண்டாம், அவசரப்பட்டுத் திருத்தி எழுதவும் வேண்டாம். அந்த `valid_from` நெடுவரிசையில் இருப்பது உண்மையில் `loaded_at`. முதலில் அதை அந்தப் பெயருக்கு நகலெடுத்துப் பாதுகாத்துவிடுங்கள், அது அழியக் கூடாத சான்று. பிறகு மூலத்தின் பழைய பதிவேடுகளோ சேமித்த கோப்புகளோ எவ்வளவு தூரம் பின்னே போகின்றனவோ, அவ்வளவு தூரம் மட்டும் உண்மையான எல்லைகளை மீட்டெழுதுங்கள். அதற்கும் முந்தைய வரிகளில், இந்த எல்லை லோடு நேரத்திலிருந்து வந்தது என்று குறியிட்டுவிடுங்கள். இன்றிரவு லோடிலிருந்து புதிய முறை தொடங்கட்டும். ஒரு மாதம் கழித்து மேலே சொன்ன மணிக்கணக்கு வினவலை, இன்றிரவுக்குப் பின் ஏற்றிய வரிகளுக்கு மட்டும் மறுபடி ஓட்டிப் பாருங்கள். அதிகாலை 2 மணியில் நின்ற குவியல் கரைந்து, காலை பத்து மணியிலும் மாலை ஆறு மணியிலும் மனிதர்கள் தெரியத் தொடங்கியிருப்பார்கள்.

தோழமையுடன்,
இரவு லோடுகளின் அருகே வேலை செய்யும் உங்களில் ஒருவர்